முன்னால் போகிறவரின் குணம்

ஒரு வழக்கறிஞர் மோட்டார் சைக்கிளில் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பின்னால் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். வழியில் பின்சக்கரம் வெடிக்கிறது. பின்னால் இருந்தவர் பதறிக் குதிக்க, தலை தரையில் மோதிவிடுகிறது. வழக்கறிஞர் அவரைப் பக்கத்தில் இருந்த மருத்துவமனையில் சேர்க்கிறார். காயம் எவ்வளவு ஆபத்தானது, வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா என்றெல்லாம் மருத்துவரிடம் விசாரிக்காமல் நீதிமன்ற வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார்.

அந்த வழக்கறிஞர் ஏன் அப்படி நடந்துகொண்டார்? அமெரிக்க உளவியலாளர் ஜோன் மில்லர் இந்தக் கேள்வியைச் சிகாகோவிலும் மைசூரிலும் கேட்டார். சம்பவத்தைச் சொன்னவர் ஓர் இந்தியர். தனக்குத் தெரிந்த ஒருவர் செய்த தவறாகவே அதைச் சொல்லியிருந்தார். அமெரிக்கர்கள் தந்த விளக்கத்தில் வழக்கறிஞரின் குணம் முன்னால் வந்தது: பொறுப்பில்லாதவர், தன் வேலையே பெரிதென்று நினைப்பவர். மைசூர்க்காரர்கள் தந்த விளக்கத்தில் அவர் அப்போது நின்றிருந்த நிலை முன்னால் வந்தது: கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய கடமை அவருக்கு இருந்தது, விபத்தில் அவரும் பதறிக் குழம்பியிருக்கலாம், காயத்தின் தீவிரம் வெளியில் தெரியாமல் இருந்திருக்கலாம்.

1984இல் வெளிவந்த இந்த ஆய்வில் மில்லர் குழந்தைகளிடமும் பேசியிருந்தார். எட்டு வயதில் இரு நாட்டுக் குழந்தைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏற அமெரிக்கர்கள் குணத்தை நோக்கியும் இந்தியர்கள் சூழலை நோக்கியும் நகர்ந்தார்கள். ஒருவருடைய செயலுக்குக் காரணத்தை எங்கே தேடுவது என்பதை மனிதர்கள் வளர்கிற இடத்திலிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு இது முக்கியமான சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

அப்படியானால் நம் ஊர்ச் சாலைகளில் எல்லோரும் எல்லோருடைய சூழ்நிலையையும் புரிந்துகொண்டு பொறுமையாகப் போக வேண்டும். அப்படி நடப்பதில்லை. குறுக்கே ஒரு வண்டி வந்த அரை நொடியில் "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்ற குரல் கேட்கிறது. மைசூரில் உட்கார்ந்து, கதையை முழுக்கக் கேட்டு, நிதானமாக யோசித்துப் பதில் சொன்னவருக்குக் கிடைத்த வசதி சாலையில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. அந்த வசதி என்ன, அது இல்லாதபோது மனம் என்ன செய்கிறது என்பதை உளவியல் ஆய்வுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் காட்டியிருக்கின்றன.

ஒருவர் செய்த செயலுக்குக் காரணம் தேடும்போது, அவருடைய குணத்துக்கு அளவுக்கு மீறிய பங்கையும் அவர் இருந்த சூழலுக்கு மிகக் குறைந்த பங்கையும் கொடுக்கிற போக்குக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லீ ராஸ் 1977இல் 'ஃபண்டமென்டல் அட்ரிபியூஷன் எரர்' என்று பெயர் வைத்தார். தமிழில் அடிப்படைக் காரணக் கற்பிப்புப் பிழை எனலாம். பெயர் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தப் போக்கு ஒரு சோதனையில் பிடிபட்டிருந்தது.

1967இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் ஆகிய இருவரும் மாணவர்களிடம் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவைப் பற்றிய ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். சிலருக்குக் கிடைத்தது காஸ்ட்ரோவை ஆதரிக்கும் கட்டுரை. மற்றவர்களுக்குக் கிடைத்தது எதிர்க்கும் கட்டுரை. எழுதியவரின் உண்மையான கருத்து என்னவாக இருக்கும் என்று மதிப்பிட வேண்டும். எண் 10 என்றால் கடும் எதிர்ப்பு, 70 என்றால் முழு ஆதரவு. எழுதியவர் தானாகவே இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று கேள்விப்பட்டவர்கள், கட்டுரையில் இருந்ததே அவர் கருத்து என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் வியப்பில்லை. ஆனால் இன்னொரு பிரிவினரிடம், எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருக்கு இடப்பட்ட கட்டளை, அவருக்குத் தேர்வே இல்லை என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. அவர்களும் ஆதரவுக் கட்டுரை எழுதியவருக்குச் சராசரியாக 44 என்றும், எதிர்ப்புக் கட்டுரை எழுதியவருக்கு 23 என்றும் போட்டார்கள்.

கட்டளைக்குக் கீழ்ப்படிந்து எழுதிய இருவருடைய சொந்தக் கருத்தைப் பற்றி அந்தக் கட்டுரைகள் எதையுமே சொல்லவில்லை. இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். சோதனையை நடத்தியவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சூழ்நிலையின் நெருக்கடி கண்ணுக்கு முன்னால் எழுதி வைக்கப்பட்டிருந்தும், படித்தவர்கள் அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை என்பதுதான் அவர்களைத் திகைக்க வைத்தது.

இந்தத் திகைப்புக்கு விடை தேடியவர்களில் டேனியல் கில்பர்ட் முக்கியமானவர். 1988இல் அவரும் பெல்ஹாம், க்ரல் ஆகியோரும் வெளியிட்ட சோதனையில் பங்கேற்பாளர்கள் ஒலியில்லாத சில படத்துண்டுகளைப் பார்த்தார்கள். ஒரு பெண் முன்பின் அறியாத ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலான துண்டுகளில் அவர் பதற்றமாக இருக்கிறார். என்ன தலைப்பில் பேசுகிறார் என்பது மட்டும் திரையில் எழுத்தாக வருகிறது. பாதிப் பேருக்கு வந்த தலைப்புகள், யாரையும் நெளிய வைக்கும் அந்தரங்க விஷயங்கள். மீதிப் பேருக்கு வந்தவை பயணம் போன்ற சாதாரண விஷயங்கள். இந்தப் பெண் இயல்பிலேயே பதற்றக்காரரா என்பதைச் சொல்ல வேண்டும்.

நிதானமாகப் பார்த்தவர்கள் சரியாகவே யோசித்தார்கள். அந்நியரிடம் அந்தரங்கத்தைப் பேசச் சொன்னால் யாருக்கும் பதற்றம் வரும், ஆகவே இதை வைத்து இவர் குணத்தைச் சொல்லிவிட முடியாது என்று மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் பாதிப் பேருக்குக் கூடுதலாக ஒரு வேலை தரப்பட்டிருந்தது. திரையில் வரும் தலைப்புகளை வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டும். இவர்கள் தலைப்புகளை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். இருந்தும், அந்தரங்கத் தலைப்பைப் பார்த்தவர்களும் சாதாரணத் தலைப்பைப் பார்த்தவர்களும் அந்தப் பெண்ணை ஒரே அளவு பதற்றக்காரராகவே மதிப்பிட்டார்கள். சூழ்நிலையை விளக்கும் தகவல் அவர்கள் மனத்திலேயே இருந்தது. அதைத் தீர்ப்பில் சேர்ப்பதற்குத்தான் மனத்தில் இடமில்லை.

இதிலிருந்து கில்பர்ட் ஒரு வரிசையை முன்வைத்தார். முதலில் மனம் செயலைப் பார்த்து இன்னதென்று அடையாளம் காண்கிறது: இது பதற்றம், இது கோபம், இது முரட்டுத்தனம். அடுத்து அந்தச் செயலை அப்படியே ஆளின் மேல் ஏற்றுகிறது: இவர் பதற்றக்காரர், முன்கோபி, முரடர். கடைசியாகத்தான் சூழ்நிலையைக் கணக்கில் எடுத்துத் தீர்ப்பைத் திருத்துகிறது. முதல் இரண்டும் தானாக, நொடியில் நடந்துவிடும். மூன்றாவதற்கு முயற்சி வேண்டும். மனம் வேறு வேலையில் இருந்தால் முதலில் விட்டுப்போவது அந்தத் திருத்தம்தான்.

ஒரு மாலை நேரத்தில் நெரிசலான சாலையில் வண்டி ஓட்டுகிறவரின் மனத்தை இந்த வரிசையோடு பொருத்திப் பார்க்கலாம். முன்னால் பேருந்து, இடப்பக்கம் ஆட்டோ, பக்கக் கண்ணாடியில் லாரி, தூரத்தில் சிக்னல் எண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கையும் காலும் கண்ணும் வேலையில் இருக்கின்றன. கில்பர்ட்டின் சோதனையில் மனப்பாடம் செய்யச் சொல்லப்பட்டவர்களைவிட இவருடைய மனத்தில் சுமை அதிகம். அந்த நேரத்தில் ஒரு கார் சிக்னல் போடாமல் குறுக்கே நுழைகிறது. "என்ன திமிர் இவனுக்கு!" என்ற தீர்ப்பு, பிரேக்கை அழுத்துகிற கால் திரும்பி வருவதற்குள் வந்துவிடுகிறது. திருத்தம் வருவதற்குள் அடுத்த வண்டி குறுக்கே வந்துவிடும்.

சாலையில் இன்னொரு குறையும் சேர்கிறது. திருத்தம் செய்ய நேரம் கிடைத்தாலும், எதை வைத்துத் திருத்துவது? காஸ்ட்ரோ கட்டுரையைப் படித்தவர்களுக்கும் ஊமைப்படம் பார்த்தவர்களுக்கும் சூழ்நிலை எழுத்தில் தரப்பட்டிருந்தது. சாலையில் அப்படி எதுவும் எழுதி வருவதில்லை. குறுக்கே நுழைந்த காருக்குள் மூச்சுத் திணறும் ஒரு முதியவர் இருக்கலாம். ஓட்டியவர் ஊருக்குப் புதியவராக இருந்து, கடைசி நொடியில் திருப்பத்தைக் கண்டிருக்கலாம். அவருக்கு முன்னால் இருந்த பள்ளம் பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தான் குறுக்கே புகுந்த நாளில் ஒருவருக்குத் தன் அவசரம் முழுக்கத் தெரியும். அடுத்தவரைப் பார்க்கும்போது தெரிவது வண்டியின் பின்பக்கமும் எண் பலகையும் மட்டும்தான்.

சமூகவியலாளர் ஜாக் கட்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டுநர்களின் சாலைக் கோபத்தை ஆராய்ந்து 1999இல் ஒரு நூலில் எழுதினார். சாலையில் ஓட்டுநர்களுக்கு இடையே பேச்சு சாத்தியமில்லை என்பது அவருடைய விளக்கத்தில் முக்கியமான இடம் பெறுகிறது. கடையில் வரிசையில் ஒருவர் மேல் இடித்துவிட்டால், "மன்னிச்சுக்கங்க, கவனிக்கல" என்று முகம் பார்த்துச் சொல்லலாம். இடிபட்டவரும் "பரவாயில்லைங்க" என்று விட்டுவிடுவார். வண்டிகளுக்கு இருப்பது ஹார்னும் விளக்கும்தான். "நான் வருகிறேன், பார்த்து" என்பதற்கும் "ஒதுங்கு" என்பதற்கும் ஒரே ஹார்ன். கேட்கிறவர் பெரும்பாலும் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொள்கிறார்.

அவசரம் மட்டுமே ஒருவரை எவ்வளவு மாற்றிவிடும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 1973இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் பிரின்ஸ்டன் இறையியல் பள்ளியில் மதகுருமார் ஆகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்த கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய பைபிள் கதை. வழியில் ஒரு சந்தில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டு, முனகியபடி சாய்ந்து கிடந்தார். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள் அவர்.

இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். சரியான நேரம் என்று சொல்லப்பட்டவர்களில் 45 சதவீதம். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, அங்கே காத்திருக்கிறார்கள் என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம். நல்ல சமாரியன் கதையைப் பேசப் போனவர்களும் வேறு தலைப்பில் பேசப் போனவர்களும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. சிலர் தாங்கள் பேசப்போகும் கதையின் நாயகனைப் போன்ற நிலையில் இருந்தும், கீழே கிடந்தவரைத் தாண்டிப் போனார்கள். அந்தச் சந்தில் நின்று வெளியிலிருந்து பார்த்த ஒருவர், போனவரைக் கல்நெஞ்சக்காரர் என்றே முடிவு கட்டியிருப்பார். நாற்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்து மனித இயல்பு முழுவதையும் அளந்துவிட முடியாது. ஆனாலும், முன்னால் போகிறவரின் குணம் என்று தோன்றுவதில் அவருடைய கடிகாரத்துக்கு எவ்வளவு பங்கு இருக்கக்கூடும் என்பதை இந்தச் சோதனை கண்முன் நிறுத்துகிறது.

சாலையில் வண்டி மறைப்பதை வேலையிடத்தில் தொலைவு மறைக்கிறது. ஒரே அறையில் இருப்பவர் பதில் சொல்லாமல் இருந்தால், அவர் தொலைபேசியில் இருப்பதையோ, மேலதிகாரி அவரை அழைத்துப்போனதையோ பார்த்துவிட முடியும். வேறு ஊரில் இருந்து மின்னஞ்சல் வழியே மட்டும் அறிமுகமானவரின் மௌனத்துக்கு அப்படி எந்த விளக்கமும் கூடவே வருவதில்லை.

கேத்தரின் கிராம்டன் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் உற்றுப் பார்த்தது. வெவ்வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மாணவர்கள் 13 குழுக்களாகச் சேர்ந்து, நேரில் சந்திக்காமல் ஒரு திட்ட அறிக்கையைத் தயாரிக்க வேண்டும். அவர்கள் பரிமாறிக்கொண்ட செய்திகளைக் கிராம்டன் படித்துப் பார்த்தார். ஒரு நாட்டில் விடுமுறை என்பது இன்னொரு நாட்டில் இருந்தவருக்குத் தெரியவில்லை. தன் ஊர்த் தேர்வு அட்டவணையைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றவில்லை. சில மின்னஞ்சல்கள் குழுவில் எல்லோருக்கும் போய்ச் சேரவே இல்லை. அனுப்பியவர் போய்ச் சேர்ந்ததாக நம்பிக்கொண்டிருந்தார். பதில் வராதபோது காத்திருந்தவர்கள் இப்படிப்பட்ட காரணங்களைத் தேடவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு அக்கறை இல்லை, சோம்பேறி என்று முடிவு செய்தார்கள். முடிவு செய்த பிறகு அவருக்குக் குறைவாக எழுதினார்கள். குறைவாக எழுதியதால் அவருக்கு மேலும் குறைவாகத் தெரிந்தது. அவர் மேலும் பின்தங்கினார். குணத்தைப் பற்றிய தவறான முடிவு, தன்னை மெய்யாக்கிக்கொள்ளும் நிலைமையைத் தானே உண்டாக்கிவிட்டது.

அலுவலகத்தில் இந்தப் பிழைக்கு மிகப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருப்பது விசாரணை அறையில். தவறு ஒன்று நடந்தபின் "யார் செய்தது?" என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் விசாரணை முடிந்துவிட்டதாகத் தோன்றும். அங்கே நிறுத்தினால் என்ன நழுவிப்போகும் என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு தெளிவான உதாரணம் கிடைத்தது.

அமெரிக்கப் படையின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு வயிற்றால் தரையில் தேய்த்தன. தரையிறங்கியதும் விமானி செய்ய வேண்டிய வேலை, இறக்கைகளில் கீழே நீட்டியிருக்கும் மடிப்புகளை மேலே ஏற்றுவது. அதற்குப் பதிலாகச் சக்கரத்தை ஏற்றிவிட்டார்கள். விமானியின் தவறு என்று பதிவாயிற்று. தவறு செய்தது விமானிதான் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

1943இல் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். மடிப்புக்கான விசையும் சக்கரத்துக்கான விசையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. விமானங்களையெல்லாம் ஒன்றாகப் பார்க்காமல், எந்த விமானத்தில் விசைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவர் செய்த வேலை. சி-47 சரக்கு விமானத்தில் இந்த இரண்டு விசைகளும் வேறு வேறு விதமாக, தள்ளித் தள்ளி இருந்தன. அந்த விமானத்தை ஓட்டியவர்களிடம் இந்தத் தவறு ஏற்படவில்லை. கவனக்குறைவு என்பது ஆளின் குணமாக மட்டும் இருந்தால், சி-47க்கு மட்டும் கவனமான விமானிகளே எப்படி அமைந்தார்கள்?

சபானிஸ் செய்த திருத்தம் மிகச் சிறியது. சக்கர விசையின் நுனியில் ரப்பரால் ஒரு சிறு சக்கரத்தையும், மடிப்பு விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். களைத்துப்போன விமானி இருட்டிலும் தொட்டே அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. இன்றும் பயணிகள் விமானங்களில் சக்கரத்தை இயக்கும் கைப்பிடி சக்கர வடிவில் இருப்பதற்குத் தொடக்கம் இதுதான். விமானிகளை எத்தனை முறை கண்டித்திருந்தாலும் அந்த இரண்டு விசைகளும் ஒன்றுபோலவேதான் இருந்திருக்கும்.

நம் நாட்டுச் சாலை விபத்துப் பதிவுகளில் இதே கேள்வி நிற்கிறது. தமிழ்நாட்டில் விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு ஒரு தொடர் பழக்கமாகியிருக்கும்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து". எழுதுகிற காவலரின் விருப்பம் அல்ல அது. முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279ஆவது பிரிவும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவும் ஓட்டுநரின் முரட்டுத்தனத்தையோ கவனமின்மையையோதான் குற்றமாக வரையறுக்கின்றன. வழக்கு நிற்க வேண்டுமானால் அந்தச் சொற்கள் வேண்டும். ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்காக எழுதப்படும் தாள், விபத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் தாளாகவும் பிறகு பயன்படுகிறது.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் காவல்துறைப் பதிவுகளிலிருந்து தொகுத்த கணக்கின்படி, 2015இல் நாட்டில் நடந்த 5,01,423 சாலை விபத்துகளில் 77.1 சதவீதத்துக்கு ஓட்டுநரின் தவறே காரணம். இதில் பெரும்பகுதியில் ஓட்டுநர் உண்மையிலேயே தவறு செய்திருக்கக்கூடும். பி-17 விமானிகளும் தவறு செய்தவர்கள்தான். ஆனால் வளைவில் தெருவிளக்கு எரிந்ததா, வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு இருந்ததா, லாரியை எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டச் சொல்லியிருந்தார்கள் என்பவை அந்த எண்ணுக்குள் தெரிவதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சாலையை வடிவமைத்த, கட்டிய, பராமரிக்கும் அதிகாரியோ ஒப்பந்ததாரரோ பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓட்டுநருக்கு அப்பால் பார்க்கச் சட்டமே ஒரு வழியைத் திறந்திருக்கிறது என்பது இதன் முக்கியத்துவம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, குணம் என்று ஒன்றே இல்லை, எல்லாம் சூழ்நிலைதான் என்று முடிவுக்கு வருவதும் தவறாகிவிடும். பெர்ட்ரம் மாலே 2006இல் 173 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். தன் செயலுக்குச் சூழ்நிலையையும் அடுத்தவர் செயலுக்குக் குணத்தையும் மனிதர்கள் காரணம் காட்டுகிறார்கள் என்று பாடநூல்கள் சொல்லிவந்த வேறுபாடு, மொத்தத்தில் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. அது தெளிவாக வெளிப்பட்டது கெட்ட விளைவுகளை விளக்கும்போதுதான். குறுக்கே நுழைந்த வண்டியும், நேரத்துக்கு வராத கோப்பும் அந்த வகையைச் சேர்ந்தவை. ஆகவே எல்லாத் தீர்ப்புகளையும் ஐயப்பட வேண்டியதில்லை. எரிச்சலூட்டும் செயலைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்புகளில்தான் கூடுதல் கவனம் தேவை.

எப்போது ஆளைக் காரணம் சொல்லலாம், எப்போது சூழலைச் சொல்லலாம் என்று பிரிப்பதற்கு ஹெரால்ட் கெல்லி 1967இல் ஒரு முறையை வகுத்தார். அதில் மூன்று கேள்விகள் உண்டு. இதே இடத்தில் மற்றவர்களும் இப்படித்தான் செய்கிறார்களா? இவர் மற்ற இடங்களிலும் இப்படித்தான் செய்கிறாரா? இதே இடத்தில் இவர் எப்போதும் இப்படிச் செய்கிறாரா?

ஒரு நான்குவழிச் சாலையை எடுத்துக்கொள்வோம். சாலையோர ஊரிலிருந்து ஒருவர் இருசக்கர வண்டியில் வெளியே வருகிறார். அவர் போக வேண்டிய பெட்ரோல் பங்க் அதே பக்கத்தில், 300 மீட்டர் பின்னால் இருக்கிறது. சாலை நடுவே உள்ள தடுப்பில் திறப்பு முன்னால் 2 கிலோமீட்டர் தள்ளியும், பின்னால் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியும் இருக்கிறது. விதிப்படி போனால் 2 கிலோமீட்டர் முன்னால் போய்த் திரும்பி, எதிர்ப்பக்கத்தில் மூன்றரைக் கிலோமீட்டர் வந்து, மறுபடி திரும்பி, 1.2 கிலோமீட்டர் ஓட்டி பங்கை அடைய வேண்டும். மொத்தம் 6.7 கிலோமீட்டர். அவர் ராங் ரூட்டில் 300 மீட்டர் ஓரமாக வருகிறார். எதிரே வேகமாகக் காரில் வருகிறவருக்கு அவர் உயிரின் மதிப்பு தெரியாத முட்டாளாகத் தெரிகிறார்.

மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால் படம் மாறுகிறது. அந்த இடத்தில் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். அவர் வேறு சாலைகளில் ராங் ரூட்டில் போவதில்லை. இந்த 300 மீட்டரில் மட்டும் தினமும் அப்படி வருகிறார். மூன்று பதில்களும் ஒன்றுசேர்ந்து காட்டுவது இடத்தை. அவர் செய்வது விதிமீறலும் உயிருக்கு ஆபத்தும் என்பது மாறாது. ஆனால் அவரைப் பிடித்து அபராதம் போட்டால் மறுநாள் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அதே வழியில் வருவார். அந்தப் பக்கத்தில் ஓர் அணுகுசாலை அமைத்தால் எல்லோரும் அதில் போவார்கள். பிழையான காரணத்தைப் பிடித்துக்கொண்டால் பிழையான தீர்வில்தான் பணமும் நேரமும் செலவாகும்.

இந்தக் கேள்விகளைச் சாலையில் ஓடும்போது கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஓட்டுகிறவரின் மனத்தில் அதற்கு இடமில்லை என்பதைத்தான் கில்பர்ட்டின் சோதனை காட்டியது. சாலையில் செய்யக்கூடியது, வந்த தீர்ப்பின்மேல் நடவடிக்கை எடுக்காமல் இருப்பது: துரத்தாமல், பக்கத்தில் போய் முறைக்காமல், இடைவெளி விட்டு விலகிக்கொள்வது. அலுவலகத்தில் நிலைமை வேறு. அங்கே அவசரம் பெரும்பாலும் நாமே உண்டாக்கியது. விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவதற்கு ஒருநாள் பொறுக்கலாம். அந்த நாளில் மூன்று கேள்விகளுக்கும் பதிவேடுகளிலிருந்தே விடை கிடைத்துவிடும்.

ஒரு கிளை அலுவலகத்தில் ஒருவர் மாதக் கணக்கைத் தொடர்ந்து தாமதமாக அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்றக் கிளைகளும் அதே மாதங்களில் தாமதமாக அனுப்பியிருந்தால், கணக்கு மென்பொருளையும் காலக்கெடுவையும் முதலில் பார்க்க வேண்டும். அவர் மற்ற எல்லா வேலைகளையும் நேரத்துக்கு முடித்து இதில் மட்டும் தவறினால், இந்தக் கணக்குக்குத் தேவையான விவரம் அவர் கைக்கு எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும். மற்றக் கிளைகள் அனைத்தும் நேரத்தில் அனுப்ப, இவர் மட்டும் இந்தக் கணக்கிலும், கடிதங்களிலும், கூட்டங்களிலும், முந்தைய கிளையில் இருந்தபோதும் தாமதித்து வந்திருந்தால், காரணம் அவரிடம்தான் இருக்கிறது. அப்போது மேலாளர் அவரை அழைத்து நேராகப் பேசுவதும், எழுத்தில் எச்சரிப்பதும் நியாயமான நடவடிக்கை. மற்ற ஊழியர்களும் அதை அப்படித்தான் ஏற்றுக்கொள்வார்கள்.